பழைய மேனேஜரிடம் ரெஃபரன்ஸ் கேட்டு மெயில் எழுதுவது எப்படி?

பல கம்பெனிகளின் விண்ணப்பப் படிவத்தில் கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். நமக்கு மேலே வேலை பார்த்த இருவரின் பெயர், பதவி, மெயில், மொபைல் எண் ஆகியவற்றைக் கேட்பார்கள். அவசரத்தில் நிறையப் பேர் பழைய மேனேஜரின் பெயரை எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள், அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல். சில வாரம் கழித்து அவருக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு போகும். ஏதோ மீட்டிங்குக்கு நடுவில் எடுத்து, "ஆமாங்க, நம்மகிட்ட இருந்த பொண்ணுதான், நல்லா வேலை பார்ப்பாங்க" என்று சொல்லி வைத்துவிடுவார். அவர் தப்பாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் கேட்டவருக்குக் குறித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த அழைப்பு வரும்போது அவருக்குப் பேச விஷயம் இருக்க வேண்டும் என்றால், முன்கூட்டியே ஒரு மெயில் போயிருக்க வேண்டும். அந்த மெயிலை முதல் வரியிலிருந்து எழுதிப் பார்ப்போம்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன். கவிதா என்று ஒரு மெர்ச்சண்டைசர். ஆடை ஆர்டரைப் பையரோடு பேசி, ஷிப்மெண்ட் போகும்வரை கவனித்துக்கொள்வது அவர் வேலை. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் 2019 ஜூலை முதல் 2022 ஆகஸ்ட் வரை வேலை பார்த்தார். அங்கே அவருக்கு மேனேஜர் முருகேசன். இப்போது கவிதா திருப்பூரிலேயே வேறொரு நிறுவனத்தில் இருக்கிறார். பெங்களூரில், வெளிநாட்டு பிராண்டுகளுக்காக ஆடை வாங்கித் தரும் இரண்டு பையிங் ஆஃபீஸ்களுக்கு விண்ணப்பித்து, இரண்டிலும் முதல் சுற்று முடிந்துவிட்டது. முருகேசனும் பழைய நிறுவனத்தை விட்டு வேறிடம் போய்விட்டார். இருவரும் கற்பனைதான். ஆனால் இந்த நிலைமை மிகவும் சாதாரணமாக நடப்பது.

எழுதுவதற்கு முன்: இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

புதிதாக வேலை மாறுபவர்கள் வெரிஃபிகேஷனையும் ரெஃபரன்ஸையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். வெரிஃபிகேஷன் என்பது நீங்கள் சொன்ன தேதி, பதவி எல்லாம் உண்மைதானா என்று பழைய கம்பெனியின் எச்ஆரிடம் சரிபார்ப்பது. பெரும்பாலும் இதற்கென்றே இருக்கும் வெளி ஏஜென்சி செய்யும். அதற்கு யாரையும் நீங்கள் கெஞ்ச வேண்டியதில்லை. ரிலீவிங் லெட்டரும் சம்பளச் சீட்டும் ஒழுங்காக இருந்தால் போதும்.

ரெஃபரன்ஸ் வேறு. உங்களோடு உட்கார்ந்து வேலை வாங்கிய ஒருவரிடம், நீங்கள் எப்படி வேலை பார்ப்பீர்கள் என்று கேட்பது. வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். எவ்வளவு நாள் உங்களிடம் இருந்தார், என்னென்ன பொறுப்பு, எதில் கெட்டிக்காரர், எதில் இன்னும் தேற வேண்டும், ஏன் வேலையை விட்டார். கடைசியாக ஒன்று வரும்: வாய்ப்புக் கிடைத்தால் இவரை மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு அவர் எவ்வளவு சட்டென்று "எடுப்பேன்" என்கிறார் என்பதைத்தான் கேட்பவர் காதைத் தீட்டிக்கொண்டு கவனிப்பார்.

அதனால் யாரைக் கேட்பது என்பதும் தானாகவே தெளிவாகிவிடும். பெரிய பதவியில் இருந்த டைரக்டரைவிட, உங்கள் வேலையை அன்றாடம் பார்த்த மேனேஜர் மேல். டைரக்டருக்கு உங்கள் பெயர் ஞாபகம் இருந்தாலே அதிசயம். இப்போதைய மேனேஜரிடம் கேட்பதும் சரிப்படாது. ராஜினாமா கொடுப்பதற்கு முன்னால் அவருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கவிதாவுக்கு முருகேசன்தான் சரியான ஆள்.

முதல் படி: தேதிகளைச் சரிபாருங்கள்

மெயிலில் நீங்கள் எழுதும் மாதமும் ஆண்டும் ரெஸ்யூமேயில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். ரெஸ்யூமேயில் இருப்பது ரிலீவிங் லெட்டரோடு ஒத்துப்போக வேண்டும். பிஎஃப் பிடித்த நிறுவனமாக இருந்தால் இபிஎஃப்ஓவின் உறுப்பினர் தளத்தில் உங்கள் யுஏஎன் எண்ணைக் கொடுத்து உள்ளே போய், View என்ற பட்டியலில் Service History என்பதைத் திறந்து பாருங்கள். எந்தெந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்று இருக்கும். வெரிஃபிகேஷன் செய்பவர்களும் இதைப் பார்ப்பதுண்டு.

ஞாபகத்தை நம்பி எழுதினால் சிக்கல் எப்படி வரும் தெரியுமா? நோட்டீஸ் காலத்தில் கடைசியாக ஆஃபீஸுக்குப் போன நாளை நீங்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். லெட்டரில் மிச்சமிருந்த லீவையும் கழித்து அடுத்த மாதத் தேதி இருக்கும். நீங்கள் ஜூலை என்று எழுதி, அதையே படித்துவிட்டு மேனேஜரும் ஜூலை என்று சொல்லி, எச்ஆர் ஆகஸ்ட் என்று சொன்னால், ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு சந்தேகம் முளைக்கும்.

இரண்டாம் படி: எந்த முகவரியிலிருந்து, எந்த முகவரிக்கு, எப்போது

உங்கள் சொந்த மெயிலிலிருந்து அனுப்புங்கள். இப்போதைய ஆஃபீஸ் மெயிலிலிருந்து அனுப்பவே கூடாது. அது கம்பெனியின் சொத்து; அவர்கள் நினைத்தால் பார்க்கலாம். அவருக்கும் முடிந்தால் சொந்த மெயில் முகவரிக்கே அனுப்புங்கள். அது தெரியாவிட்டால் லிங்க்ட்இனிலோ வாட்ஸ்அப்பிலோ, "சார், ஒரு விஷயமாக மெயில் அனுப்ப வேண்டும், எந்த முகவரிக்கு அனுப்பலாம்?" என்று ஒரே வரியில் கேட்டால் போதும். முழுக் கோரிக்கையையும் வாட்ஸ்அப்பில் கொட்டாதீர்கள். அது குட்மார்னிங் படங்களுக்கு நடுவில் புதைந்துபோகும். அழைப்பு வரும் நாளில் அவர் தேடி எடுத்துப் படிக்க வசதியானது மெயில்தான்.

அடுத்த சுற்றுக்குக் குறைந்தது பத்துப் பதினைந்து நாள் முன்பாவது அனுப்புங்கள். அவர் யோசிக்கவும், மறுத்தால் நீங்கள் வேறொருவரைத் தேடவும் நேரம் வேண்டும். அப்புறம் அவருடைய தொழிலின் நெருக்கடி நாட்களும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏற்றுமதியில் இருப்பவருக்கு ஷிப்மெண்ட் போகும் வாரத்திலும், கணக்குத் துறையில் இருப்பவருக்கு மார்ச் கடைசியிலும் இந்த மெயிலை அனுப்பினால், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைப்பார். அந்தப் பிறகு வரவே வராது.

மூன்றாம் படி: வழக்கமாக எழுதப்படும் மெயிலைப் பாருங்கள்

பெரும்பாலானவர்கள் எழுதுவது இப்படித்தான் இருக்கும்:

> சப்ஜெக்ட்: வேண்டுகோள்
>
> மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தாங்கள் நலமா? தங்கள் தலைமையின் கீழ் பணிபுரிந்த நாட்கள் என் வாழ்வின் பொற்காலம். நான் தற்போது புதிய வேலைக்கு முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். தங்கள் பெயரையும் எண்ணையும் ரெஃபரன்ஸாகக் கொடுத்துள்ளேன். யாராவது அழைத்தால் என்னைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மரியாதைக்கு இதில் குறைவே இல்லை. ஆனாலும் மூன்று இடத்தில் சறுக்குகிறது. "கொடுத்துள்ளேன்" என்ற சொல்லில் அனுமதி கேட்பது முடிந்துபோன கதையாகிவிட்டது. அவர் மறுக்க வேண்டுமென்றால் இனி உங்களைச் சங்கடப்படுத்தித்தான் மறுக்க முடியும். அடுத்து, என்ன வேலை, யார் அழைப்பார்கள், எப்போது என்று எதுவுமே இல்லை. மூன்றாவதாக, "நல்லவிதமாகச் சொல்லுங்கள்" என்றால் எதைச் சொல்வது? அவருக்குக் கீழே எத்தனையோ பேர் வந்து போயிருப்பார்கள். உங்களைப் பற்றி அவருக்கு மிஞ்சியிருப்பது ஒரு மங்கலான நல்ல அபிப்பிராயம் மட்டும்.

பொற்காலத்தை எடுத்துவிடலாம். மரியாதை காட்ட "சார்" போதும். அந்த ஆஃபீஸில் அப்படித்தானே கூப்பிட்டீர்கள்? திடீரென்று "தாங்கள்" என்று மாறினால் யாரோ எழுதிக் கொடுத்ததுபோல் இருக்கும்.

நான்காம் படி: பத்தி பத்தியாகத் திரும்ப எழுதுவோம்

சப்ஜெக்ட் வரியிலேயே நீங்கள் யார், என்ன வேண்டும் என்பது தெரிய வேண்டும். "ரெஃபரன்ஸுக்கு உங்கள் அனுமதி வேண்டி – கவிதா, மெர்ச்சண்டைசிங் 2019–2022" என்றால் மெயிலைத் திறக்காமலே அவருக்குப் பாதி புரிந்துவிடும். மொபைலில் பார்க்கும்போது வரியின் பின்பகுதி வெட்டுப்படும் என்பதால் முக்கியமான சொல்லை முன்னால் வைத்திருக்கிறோம்.

முதல் பத்தியில் உங்களை ஞாபகப்படுத்துங்கள். எந்த ஆண்டு, எந்தப் பிரிவு, என்ன வேலை. அவருடைய இப்போதைய நிலை தெரிந்தால் ஒரு வரி விசாரிக்கலாம். அதற்கு மேல் நலம் விசாரித்துக்கொண்டே போனால், எதற்கோ அடிபோடுகிறார் என்று அவருக்கே தோன்றும்.

இரண்டாவது பத்தியில் நேராகக் கேட்டுவிடுங்கள். என்ன வேலைக்கு, எத்தனை இடத்தில், எந்த வாரத்தில், அழைப்பு எவ்வளவு நேரம் ஆகும் என்பதெல்லாம் இங்கேயே வர வேண்டும். "இன்டர்வியூக்கள் வருகின்றன" என்று பொதுவாகச் சொன்னால் எத்தனை பேர் அழைத்துத் தொல்லை செய்வார்களோ என்று யோசிப்பார். இரண்டு நிறுவனம், அதிகபட்சம் இரண்டு அழைப்பு என்று தெரிந்தால் ஒப்புக்கொள்வது எளிது. நிறுவனங்களின் பெயரை இந்த முதல் மெயிலில் சொல்லலாமா என்பது உங்கள் துறையைப் பொறுத்தது. திருப்பூர் போல எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில், அவர் சரி என்று சொன்ன பிறகு சொல்வதே நல்லது என்பேன்.

மூன்றாவது பத்திதான் இந்த மெயிலின் உயிர். அவர் கண்ணால் பார்த்த உங்கள் வேலை ஒன்றிரண்டை, அவருக்கு நினைவு வரும் அளவுக்கு விவரத்தோடு எழுத வேண்டும். கவிதா முதலில் எழுதிப் பார்த்தது, "நெருக்கடியான நேரங்களிலும் சிறப்பாகச் செயல்பட்டேன்" என்று. இதைப் படித்தால் முருகேசனுக்கு எதுவும் ஞாபகம் வராது. உண்மையில் நடந்தது இது: 2021-ல் குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர் ஒன்றில் மூன்று நிறங்கள். சின்னத் துணித் துண்டில் சாயம் போட்டுக் காட்டும் லேப் டிப் எல்லாம் அப்ரூவ் ஆகியிருந்தும், மொத்தத் துணி சாயமேறி வந்தபோது நேவி நிறம் மட்டும் ஷேடு ஒத்துவரவில்லை. திரும்பச் சாயம் போட்டால் ஷிப்மெண்ட் தேதி தாண்டிவிடும். தாமதம் நம் பக்கம் என்றால் விமானச் சரக்குக் கட்டணம் நம் தலையில்தான் விழும். பிரச்சினை தெரிந்த அன்றே கவிதா பையருக்கு எழுதி, தயாரான இரண்டு நிறங்களை முதலில் கப்பலில் அனுப்பவும், நேவியைப் பத்து நாள் கழித்து அனுப்பவும் ஒப்புதல் வாங்கினார். இதை நான்கு வரியில் எழுதினால், முருகேசன் படித்த உடனே, "அட, அந்த நேவி பிரச்சினை!" என்பார். அழைப்பு வரும்போது அவர் சொல்லப்போவதும் அதைத்தான், அதுவும் தன் சொற்களில்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அவர் பார்க்காத விஷயத்தை எழுதாதீர்கள். இரண்டாவது கம்பெனியில் செய்த சாதனை முருகேசனுக்குத் தெரியாது. அவர் பார்த்ததையும் ஊதிப் பெரிதாக்காதீர்கள். நேவி விவகாரத்தில் பையரிடம் போனில் பேசியது முருகேசன் என்றால், "நானே பேசி முடித்தேன்" என்று எழுதுவது ஆபத்து. ரெஸ்யூமேயில் ஒன்றும் ரெஃபரன்ஸ் அழைப்பில் வேறொன்றும் வந்தால் அங்கேயே கதை முடிந்தது.

என்ன சொல்ல வேண்டும் என்று வசனம் எழுதிக் கொடுப்பதும் வேண்டாம். நினைவூட்டுவது வேறு, சொல்லிக்கொடுப்பது வேறு. "நான் தலைமைப் பண்பு மிக்கவள் என்று சொல்லுங்கள் சார்" என்று எழுதினால் எந்த மேனேஜரும் முகம் சுளிப்பார்.

நான்காவது பத்தியில், அவர் மறுப்பதற்கு வழி விடுங்கள். இதைத்தான் புதியவர்கள் எழுதத் தயங்குகிறார்கள். வழி விட்டால் மறுத்துவிடுவாரோ என்று பயம். மறுக்கட்டுமே. உங்களைப் பற்றி அரைமனதாக இருப்பவர் இப்போது மறுப்பதுதான் உங்களுக்கு லாபம். அவர் மரியாதைக்காக ஒப்புக்கொண்டு அழைப்பில் இழுத்து இழுத்துப் பேசினால், அந்த இழுவையே கேட்பவருக்குப் பதிலாகிவிடும். அதனால் "ரெஃபரன்ஸ் தர முடியுமா" என்று கேட்பதைவிட, "என் வேலையைப் பற்றி நம்பிக்கையோடு பேச முடியும் என்று தோன்றினால்" என்று கேட்பது பாதுகாப்பு.

கம்பெனி விதியையும் இங்கேயே ஒரு வரியில் தொடலாம். சில நிறுவனங்களில் மேனேஜர்கள் யாருக்கும் ரெஃபரன்ஸ் தரக் கூடாது, எச்ஆர் மட்டுமே தேதியையும் பதவியையும் உறுதிசெய்யும் என்று கட்டுப்பாடு இருக்கும். நீங்களே அதைச் சொல்லிவிட்டால் அவர் தயக்கமில்லாமல் உண்மையைச் சொல்வார்.

முழு மெயில்

பெரும்பாலான ஆஃபீஸ்களில் இப்படிப்பட்ட மெயில் ஆங்கிலத்தில்தான் போகும். உங்கள் மேனேஜருக்கு ஆங்கிலம்தான் பழக்கம் என்றால், அல்லது அவர் தமிழரே இல்லை என்றால், இதே வரிசையை வைத்து எழுதுங்கள். கவிதாவும் முருகேசனும் மூன்று வருடமும் தமிழில் பேசியவர்கள் என்பதால் தமிழ் மெயிலே இயல்பாக இருக்கும்.

> சப்ஜெக்ட்: ரெஃபரன்ஸுக்கு உங்கள் அனுமதி வேண்டி – கவிதா, மெர்ச்சண்டைசிங் 2019–2022
>
> வணக்கம் முருகேசன் சார்,
>
> நான் கவிதா. 2019 ஜூலையிலிருந்து 2022 ஆகஸ்ட் வரை உங்கள் டீமில் குழந்தைகள் ஆடைப் பிரிவில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். நீங்கள் இப்போது ஜெனரல் மேனேஜராக இருப்பதை லிங்க்ட்இனில் பார்த்தேன். ரொம்ப சந்தோஷம் சார். வீட்டில் எல்லோரும் நலம்தானே?
>
> பெங்களூரில் இரண்டு பையிங் ஆஃபீஸ்களில் சீனியர் மெர்ச்சண்டைசர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். இரண்டிலும் அடுத்த சுற்று இந்த மாதம் 18-ஆம் தேதிக்கும் 29-ஆம் தேதிக்கும் நடுவில் இருக்கும். அதற்குப் பிறகு, நான் யாரிடம் வேலை பார்த்தேனோ அவரிடம் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். உங்கள் பெயரைக் கொடுக்கலாமா சார்? ஒரு நிறுவனத்துக்கு ஓர் அழைப்பு, பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும் என்று சொன்னார்கள். நீங்கள் சரி என்று சொல்லும்வரை உங்கள் எண்ணை யாரிடமும் கொடுக்க மாட்டேன்.
>
> உங்களுக்கு ஞாபகம் வருவதற்காக ஒன்றிரண்டு சொல்கிறேன். 2021-ல் டி-ஷர்ட் ஆர்டரில் நேவி நிறம் ஷேடு ஒத்துவராமல் போனது. ஏர் ஷிப்மெண்ட் போகாமல், மற்ற இரண்டு நிறங்களை முதலில் கப்பலில் அனுப்பலாம் என்று உங்களிடம் யோசனை சொல்லி, பையரிடம் எழுதி ஒப்புதல் வாங்கினேன். அதே வருடம் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்கு ஆர்டர் அட்டவணை போடச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தீர்கள். இப்போது விண்ணப்பித்திருக்கும் வேலையிலும் பையரோடு நேரடியாகப் பேசுவதும் ஜூனியர்களைப் பார்த்துக்கொள்வதும்தான் முக்கியம்.
>
> என் வேலையைப் பற்றி நம்பிக்கையோடு பேச முடியும் என்று உங்களுக்குத் தோன்றினால் மட்டும் சொல்லுங்கள் சார். நேரம் இல்லை என்றாலும், கம்பெனி விதிப்படி முடியாது என்றாலும் எனக்குக் கொஞ்சமும் வருத்தம் இல்லை. வேறு ஏற்பாடு செய்துகொள்ள எனக்கு நேரம் இருக்கிறது. 11-ஆம் தேதிக்குள் ஒரு வரி பதில் போட்டால் போதும்.
>
> ரெஸ்யூமேயை இணைத்திருக்கிறேன். இப்போது இருக்கும் நிறுவனத்தில் இன்னும் சொல்லவில்லை, அதனால் இது நமக்குள்ளேயே இருக்கட்டும் சார்.
>
> நன்றியுடன்,
> கவிதா
> மொபைல்: (உங்கள் எண்)

"உங்களிடம் யோசனை சொல்லி" என்று கவிதா எழுதியிருப்பதைக் கவனியுங்கள். முடிவு முருகேசனுடையது, முயற்சி தன்னுடையது என்று நடந்ததை நடந்தபடி வைத்திருக்கிறார். அவருக்கும் படிக்க உறுத்தாது.

கடைசிப் பத்தியின் ரகசியக் கோரிக்கையை மறந்துவிடாதீர்கள். ஒரே தொழிலில் இருப்பவர்கள் எங்காவது சந்திப்பார்கள். "உங்க கவிதா பெங்களூர் போகுதாமே" என்று அவர் யதார்த்தமாகச் சொல்லிவிடலாம்.

ரெஸ்யூமேயை PDF கோப்பாக, உங்கள் பெயரோடு இணையுங்கள். `resume_final_new2.pdf` என்ற பெயரில் அனுப்பினால் அவர் டவுன்லோட் செய்த பிறகு தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

ஐந்தாம் படி: பதிலைப் படிப்பது

"கண்டிப்பாப் பண்றேன், எப்போ கூப்பிடுவாங்க?" என்று வந்தால் வேலை முடிந்தது. "பார்க்கலாம்", "தேவைப்பட்டா குடுங்க", "வேற யாரும் கிடைக்கலைன்னா சொல்லுங்க" போன்ற பதில்கள் வந்தால், அதை மறுப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பலருக்கு நேரடியாக முடியாது என்று சொல்ல வராது. நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரைப் பாருங்கள்.

பதிலே வராவிட்டால் குறித்த தேதி தாண்டிய அடுத்த வேலை நாளில் அதே மெயிலுக்குப் பதிலாக இரண்டு வரி எழுதுங்கள்:

> சார், போன வாரம் அனுப்பிய மெயில் உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம் என்று மறுபடி எழுதுகிறேன். இந்த முறை முடியாவிட்டாலும் பரவாயில்லை சார், தெரிந்தால் வேறு ஏற்பாடு செய்துகொள்வேன்.

அதற்கும் பதில் இல்லையென்றால் ஒருமுறை போன் செய்யலாம். அத்தோடு விட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: அவர் சரி என்ற பிறகு

இங்கேதான் பல ரெஃபரன்ஸ்கள் வீணாகின்றன. மேனேஜர் தயாராக இருக்கிறார், ஆனால் அழைப்பு அவரை எட்டவே இல்லை. தெரியாத எண் என்று எடுக்காமல் விட்டிருப்பார். கடன் வேண்டுமா என்று கேட்டு வரும் அழைப்புகளுக்குப் பயந்து எல்லோருமே அப்படித்தான் இருக்கிறோம். அல்லது ஏஜென்சி அனுப்பிய படிவம் ஸ்பாம் பெட்டியில் கிடக்கும். எச்ஆர் உங்களிடம், "உங்க ரெஃபரன்ஸ் ரெஸ்பான்ட் பண்ணலை" என்பார்.

அதனால் அவர் ஒப்புக்கொண்ட அன்றே அவரிடம் மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள்: எந்த மொபைல் எண், எந்த மெயில், எந்த நேரம் வசதி. மெயில் முகவரியில் ஒரு சிக்கல் உண்டு. சொந்த மெயிலிலிருந்து வரும் பதிலை ஏற்காமல், ஆஃபீஸ் மெயில்தான் வேண்டும் என்று கேட்கும் ஏஜென்சிகள் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் ஒரு பெயரில் ஜிமெயில் கணக்கு தொடங்கிவிடலாம் அல்லவா? முருகேசனோ இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறார். அவருடைய இப்போதைய ஆஃபீஸ் மெயிலைக் கொடுக்கலாமா என்று அவரிடமே கேட்க வேண்டும். படிவத்தில், "அப்போது: மெர்ச்சண்டைசிங் மேனேஜர், என் மேலதிகாரி. இப்போது: வேறு நிறுவனத்தில் ஜெனரல் மேனேஜர்" என்று இரண்டையும் எழுத வேண்டும். இப்போதைய பதவியை மட்டும் எழுதினால், இவர் எப்படி உங்கள் மேனேஜராக இருந்திருக்க முடியும் என்று சரிபார்ப்பவர் குழம்புவார்.

அப்புறம் எச்ஆரிடம், அழைப்பதற்கு முந்தின நாள் உங்களுக்குத் தெரிவிக்கும்படி கேளுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். தெரிந்ததும் மேனேஜருக்கு இப்படி ஒரு செய்தி. இதற்கு வாட்ஸ்அப் போதும்:

> சார், நாளை காலை 11-லிருந்து 1 மணிக்குள் பெங்களூர் ஆஃபீஸ் எச்ஆரிலிருந்து அழைப்பார்கள். அழைக்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 4210 என்று சொன்னார்கள். வேலையின் விவரத்தை மெயிலில் அனுப்பியிருக்கிறேன்.

ரெஃபரன்ஸை எப்போது கொடுப்பது என்பதிலும் அவசரம் வேண்டாம். முதல் சுற்றுக்கு முன்பே படிவத்தில் கேட்டால், "இறுதிக் கட்டத்தில் தருகிறேன்" என்று எழுதிவிடலாம். பெரும்பாலும் யாரும் ஆட்சேபிப்பதில்லை. கட்டாயக் கட்டமாக இருந்து காலியாக விட முடியாவிட்டால், எச்ஆருக்கு ஒரு மெயில் போட்டு, என்னிடம் சொல்லாமல் அழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே மேனேஜரை ஆறேழு கம்பெனிகள் அழைத்தால் ஐந்தாவது அழைப்பில் அவர் குரலில் உற்சாகம் இருக்காது.

ஏழாம் படி: முடிவு எதுவானாலும் எழுதுங்கள்

அழைப்பு முடிந்த அன்றே நன்றி சொல்லுங்கள். என்ன கேட்டார்கள், என்ன சொன்னீர்கள் என்று துருவ வேண்டாம். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். முடிவு வந்ததும் இன்னொரு மெயில். வேலை கிடைத்தால் எல்லோருமே எழுதுவார்கள். கிடைக்காதபோது எழுதுபவர்கள் குறைவு. கவிதாவுக்கு முதல் இடம் கிடைக்கவில்லை என்று வையுங்கள்:

> சார், முதல் ஆஃபீஸில் அனுபவம் அதிகமுள்ள ஒருவரை எடுத்திருக்கிறார்கள். நீங்கள் நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி. இரண்டாவது இடத்தின் முடிவு இந்த வாரம் தெரியும், தெரிந்ததும் சொல்கிறேன்.

இப்படி எழுதினால் அடுத்த அழைப்பு எப்போது வருமோ என்று அவர் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டாவது இடமும் கைகூடாமல், ஆறு மாதம் கழித்து கவிதா வேறு இடங்களுக்கு விண்ணப்பிக்கிறார் என்றால், முருகேசன் கொடுத்த பழைய அனுமதியை அதற்குப் பயன்படுத்தக் கூடாது. அவர் அதற்குள் வேலை மாறியிருக்கலாம், எண் மாறியிருக்கலாம். பழைய மெயிலுக்கே பதிலாக, புதிய வேலையின் விவரத்தோடு மூன்று வரியில் மறுபடி கேட்டால் போதும். நேவி கதை அதே மெயிலின் கீழே இருக்கும், திரும்ப எழுத வேண்டியதில்லை.